ஊறுகாய் பாட்டிலில் வெள்ளைப் பொடி

அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் வரிசை பிசகாமல்தான் அந்தக் கடிதம் தொடங்குகிறது. அனுப்புநர் ஒரு மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்கு அவர் ‘பி.டி. சார்’. பெறுநர் அதே பள்ளியின் முதல்வர். பொருள்: ‘மாணவர்கள் சப்ளிமெண்ட், கிரியேட்டின் உட்கொள்வது குறித்துப் பள்ளிக்கு ஒரு விதிமுறை வகுக்க வேண்டுதல் தொடர்பாக.’ பி.டி. சார்கள் முதல்வருக்கு எழுதுவது பெரும்பாலும் வலை கிழிந்தது, பந்து வாங்கப் பணம் வேண்டும் என்பதோடு முடிந்துவிடும். இந்தக் கடிதம் நான்கு பக்கம் போகிறது.

எழுதத் தூண்டிய சங்கதியை அவர் இரண்டாவது பத்தியிலேயே சொல்லிவிடுகிறார். விளையாட்டுச் சாமான் அறையில் கபடி பாய்களை எடுக்கும்போது பின்னாலிருந்து ஒரு பழைய ஊறுகாய் பாட்டில் உருண்டு வந்திருக்கிறது. “லேபிள் கிழிக்கப்பட்டிருந்தது மேடம். பாதி பாட்டிலுக்கு வெள்ளைப் பொடி, வாசனை கிடையாது, உள்ளே ஒரு பிளாஸ்டிக் டீஸ்பூன். விசாரித்ததில் நான்கு பையன்கள் காசு சேர்த்து வாங்கிய கிரியேட்டின் என்றார்கள். டப்பா எங்கே என்று கேட்டேன். அது ஜிம்மில் இருக்கிறதாம். இவர்களுக்குப் பிரித்துக் கொட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.”

அந்த நால்வரில் மூன்று பேர் கபடி ஆடுகிறவர்கள். நான்காவது பையன் 3,000 மீட்டர் ஓடுகிறவன். கிரியேட்டின் என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு, அந்த நான்காவது பையனைப் பற்றிய தகவலே போதும்; அவன் எதைக் குடிக்கிறோம் என்று தெரியாமல்தான் குடித்திருக்கிறான்.

கிரியேட்டின் ஸ்டீராய்டு அல்ல. புரோட்டீன் பவுடரும் அல்ல. பெற்றோரில் பலர் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் கடிதம் இதை முதலில் தெளிவாக்குகிறது. இறைச்சியிலும் மீனிலும் இயல்பாக இருக்கும் பொருள் இது. 1832-ல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இதை இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். நம் கல்லீரலும் சிறுநீரகமும் கணையமும் சேர்ந்து நாளுக்குச் சுமார் ஒரு கிராம் தாமாகவே தயாரிக்கின்றன. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 120 கிராம் இருக்கும். அதில் ஏறக்குறைய முழுவதும் தசைகளில்தான்.

தசை சுருங்குவதற்குச் செலவாகும் சக்தி ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து வருகிறது. அது சில விநாடிகளில் தீர்ந்துவிடும். மாவுச்சத்தையும் கொழுப்பையும் எரித்து மீண்டும் ஏ.டி.பி. தயாரிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில், வங்கிக்குப் போக நேரமில்லாதபோது சட்டைப்பையில் கிடக்கும் சில்லறை போல, பாஸ்பேட்டுடன் சேர்ந்த கிரியேட்டின் கைகொடுக்கிறது. முழு வேகத்தில் செய்யும் எந்த வேலைக்கும் முதல் பத்து விநாடி இதை நம்பித்தான். ரெய்டு போகிறவன் கோட்டைத் தொடப் பாய்வதும், பளு தூக்குகிறவர் ஒரே மூச்சில் கம்பியைத் தலைக்குமேல் ஏற்றுவதும் அந்தப் பத்து விநாடிக்குள் அடங்கும். 3,000 மீட்டர் அடங்காது.

பொடியாகச் சாப்பிட்டால் தசையில் உள்ள இருப்பு கூடும் என்பது 1990-களின் தொடக்கத்தில் ஆய்வில் உறுதியானது. நாளுக்கு 20 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து, ஐந்து முதல் ஏழு நாள்; பிறகு நாளுக்கு 3 முதல் 5 கிராம். ஜிம்களில் ‘லோடிங்’ என்று சொல்வது இந்த முதல் வாரத்தைத்தான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்ற பிரிட்டன் வீரர் லின்போர்ட் கிறிஸ்டி இதைப் பயன்படுத்தியதாகப் பத்திரிகைகள் எழுதியதும் உலகம் முழுக்கப் பொடி பரவியது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் இது இன்றுவரை இல்லை. வளர்ந்தவர்களிடம் நடந்த ஆய்வுகளில், ஆரோக்கியமான ஒருவருக்குச் சரியான அளவில் இது சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பி.டி. சார் இவ்வளவையும் ஒளிக்காமல் எழுதுகிறார். “இது விஷம் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. போனைத் திறந்து ஐந்து நிமிடத்தில் அது பொய் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நான் எது சொன்னாலும் எடுபடாது.”

அப்படியானால் எதற்கு விதிமுறை?

கடிதத்தின் நடுப்பகுதி அதற்குப் பதில் சொல்கிறது. அது கபடிப் பையன்களில் ஒருவனுடைய ஒரு வாரக் கதை. மாவட்டத்தில் எங்கு திரும்பினாலும் ‘60 கிலோ எடைப்பிரிவு மாபெரும் கபடிப் போட்டி’ என்று போஸ்டர் ஒட்டியிருக்கும் பருவம். பிளஸ் ஒன் படிக்கும் அந்தப் பையன் அப்படி ஒரு போட்டிக்கு ஊர் அணியில் பெயர் கொடுத்திருந்தான். அவனுடைய எடை 59 கிலோவுக்குச் சற்று மேல். போட்டிக்குப் பத்து நாள் முன்பு லோடிங் தொடங்கினான். ஆறாம் நாள் தராசில் ஏறியபோது 60 கிலோ 600 கிராம்.

அதில் கொழுப்பும் இல்லை, புதுச் சதையும் இல்லை. கிரியேட்டின் தசைச் செல்லுக்குள் போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். லோடிங் வாரத்தில் ஒன்று முதல் இரண்டு கிலோ வரை எடை ஏறுவது வழக்கமானது, எதிர்பார்க்கக்கூடியது. டப்பாவைப் பிரித்துக் கொடுத்தவர் இதைச் சொல்லவில்லை. பையன் பதறிப்போய் ஊர் அண்ணன்களிடம் யோசனை கேட்டான். அவர்கள் சொன்னது காலங்காலமாக எல்லா எடைப்பிரிவு விளையாட்டிலும் சொல்லப்படுவதுதான்: தண்ணீரை நிறுத்து, ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடு, எச்சில் துப்பு, எடை பார்க்கும் வரை எதுவும் சாப்பிடாதே.

இரண்டாம் நாள் மாலைப் பயிற்சியில் அவன் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தலை சுற்றியது. காலையிலிருந்து ஒரே ஒரு முறைதான் சிறுநீர் கழித்திருந்தான், அதுவும் கடுங்காப்பித் தண்ணீர் நிறத்தில். பி.டி. சார் நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ட்ரிப்ஸ் ஏறியது. மறுநாள் வீடு திரும்பினான். போட்டியில் ஆடவில்லை.

சிறுநீர் கடுங்காப்பி நிறத்திலோ கோலா நிறத்திலோ வந்தால் அது வெறும் தாகமாக மட்டும் இல்லாமல் இருக்கலாம். தசை நார்கள் சிதைந்து அவற்றின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். அதை ரத்தப் பரிசோதனை மட்டுமே சொல்லும். அதனால்தான் தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்கு அழைத்துப்போனது சரி.

இந்த இடத்தில் கடிதம் 1997-ஐ நினைவூட்டுகிறது. அந்த ஆண்டு நவம்பர், டிசம்பரில், ஏறத்தாழ ஒரு மாத இடைவெளிக்குள், அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். எல்லோரும் எடைப்பிரிவுக்காகக் கடைசி நேரத்தில் எடையைக் குறைத்துக்கொண்டிருந்தவர்கள். முதலில் பழி கிரியேட்டின் மேல் விழுந்தது. விசாரணையின் முடிவு வேறாக இருந்தது: காற்றுப் புகாத உடைகளைப் போட்டுக்கொண்டு சூடான அறைகளில் உடற்பயிற்சி செய்து, தண்ணீரையும் குறைத்ததால் உடல் வெப்பம் எல்லை மீறியிருந்தது, நீர் வற்றியிருந்தது. அதன்பின் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடைகளும் சானா அறைகளும் தடை செய்யப்பட்டன, எடை பார்க்கும் நேரம் போட்டிக்கு அருகில் கொண்டுவரப்பட்டது.

பி.டி. சாரின் வாதமும் இதுதான். அவருடைய பையனைப் படுக்க வைத்தது பொடி அல்ல, தாகம். ஆனால் தராசில் ஏறிய ஒரு கிலோவைப் பொடிதான் ஏற்றியது. அந்த ஒரு கிலோதான் ரெயின்கோட்டை மாட்ட வைத்தது. அதனால் அவர் கேட்கும் விதிமுறையின் கனமான பகுதி பொடியைப் பற்றியதே அல்ல, எடையைப் பற்றியது. எந்தப் பிரிவில் ஆடுவது என்பதை நான்கு வாரம் முன்பே முடிவு செய்ய வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். ஒரே நாளில் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இறங்கியிருந்தால், அதாவது 60 கிலோ பையன் 1.2 கிலோவுக்கு மேல் இழந்திருந்தால், அது ஈடுகட்டப்படும் வரை அவன் மைதானத்தில் இறங்கக்கூடாது. உண்ணாமல், குடிக்காமல் எடை குறைப்பதைப் பள்ளி அணி எதுவும் அனுமதிக்கக்கூடாது. சப்ளிமெண்ட் பற்றிய கடிதத்தில் தராசுக்கு இவ்வளவு இடமா என்று தோன்றலாம். என் கணிப்பில் கடிதத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

இரண்டாவது கவலை அந்த ஊறுகாய் பாட்டில். கிரியேட்டினுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிரித்துக் கொட்டிய பிறகு அது கிரியேட்டினா, குளுக்கோஸா, இரண்டும் கலந்ததா என்று கண்ணால் பார்த்து எவரும் சொல்ல முடியாது. மூடி திறக்காத டப்பாவிலேயே சிக்கல் இருக்கிறது. ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளிலிருந்து 634 சப்ளிமெண்டுகளை வாங்கிப் பரிசோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 94-ல், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் இருந்தன. நம் பக்கத்தில், கேரள மருத்துவர்களை முன்னணியாகக் கொண்ட ஒரு குழு இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பொடிகளைச் சோதித்து 2024-ல் வெளியிட்டது. பெரும்பாலானவற்றில் லேபிளும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிப் புரதமே இருந்தது. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது.

கேலோ இந்தியா போன்ற போட்டிகளில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடா மாதிரி எடுக்கிறது. அங்கே ‘எனக்குத் தெரியாது’ என்பது தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிர, குற்றத்தை இல்லாமல் ஆக்காது. உடம்பில் என்ன இருந்தாலும் அதற்கு விளையாடுகிறவரே பொறுப்பு. கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷா 2019-ல் எட்டு மாதத் தடை பெற்றது ஒரு இருமல் மருந்தில் இருந்த டெர்பியூட்டலினால்தான். தெரியாமல் குடித்தேன் என்று அவர் சொன்னதை வாரியம் ஏற்றுக்கொண்டது. தடை தடையாகவே இருந்தது. பதினாறு வயதுப் பையன் பெயர் தெரியாத பாட்டிலிலிருந்து டீஸ்பூனில் அள்ளுவதை இதோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது கடிதம்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கிரியேட்டின் கூடுமா என்பதில் நிபுணர்களிடையே ஒரே குரல் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வளரிளம் பருவத்தினர் பயன்படுத்துவதை ஆதரிக்கவில்லை. விளையாட்டு ஊட்டச்சத்துக்கான சர்வதேசச் சங்கம் 2017-ல், தீவிரப் போட்டிப் பயிற்சியில் இருப்பவர், நன்றாகச் சாப்பிடுகிறவர், விஷயம் தெரிந்தவர்களின் மேற்பார்வையில் இருப்பவர் என்றால் பரிசீலிக்கலாம் என்றது. இளவயதினரிடம் நடந்த ஆய்வுகள் கொஞ்சம்தான். அவையும் சில வாரங்களுக்கானவை. பி.டி. சார் இரு தரப்பையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, “அந்த மூன்று நிபந்தனையில் ஒன்றைக்கூட நம் பள்ளியால் நிறைவேற்ற முடியாது மேடம். மேற்பார்வைக்கு நான் ஒருவன், பிள்ளைகள் அறுநூறு” என்று முடிக்கிறார்.

ஆகவே அவர் கேட்பது: பள்ளி வளாகம், விடுதி, வெளியூர்ப் பயணம் மூன்றிலும் கிரியேட்டின், ப்ரீ-வொர்க்அவுட், ஃபேட் பர்னர் கூடாது. சில ப்ரீ-வொர்க்அவுட் பொடிகளில் ஒரே ஸ்கூப்பில் 200 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் இருக்கும். வளரிளம் பருவத்தினருக்கு நாளுக்கு 100-ஐத் தாண்டக் கூடாது என்பதே குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. ஆசிரியர், கோச், ஊழியர் யாரும் எந்தப் பொடியையும் பரிந்துரைக்கவோ விற்கவோ வாங்கித் தரவோ கூடாது. பொடிக் கம்பெனியின் பெயர் போட்ட ஜெர்சியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. இந்தப் பத்தியில் தனக்கும் சேர்த்தே பூட்டுப் போட்டுக்கொள்கிறார். மைதானத்தில் பி.டி. சார் ‘எடுத்துக்கோடா’ என்றால் வீட்டில் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

விலக்கும் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை, வைட்டமின் டி, இன்சுலின், இன்ஹேலர் எதையும் இந்த விதி தொடாது; மருந்துச் சீட்டின் நகல் மட்டும் அலுவலகத்தில் இருக்க வேண்டும். இது சின்ன விஷயம் அல்ல. ‘சப்ளிமெண்ட் தடை’ என்று பொத்தாம்பொதுவாக நோட்டீஸ் ஒட்டிய பிறகு, ரத்தசோகைக்காக மாத்திரை சாப்பிடும் ஓட்டக்காரப் பெண் அதை ஒளித்துச் சாப்பிடவோ நிறுத்திவிடவோ வாய்ப்பு உண்டு.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்வது பற்றியும் ஒரு குறிப்பு இருக்கிறது. கிரியேட்டின் உடைந்தால் கிரியேட்டினின் ஆகும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளப்பது இதைத்தான். பொடி சாப்பிடுகிறவருக்கு சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இந்த எண் கொஞ்சம் கூடிக் காட்டலாம். சொல்லாவிட்டால் டாக்டர் வீணாகக் கவலைப்படுவார். சொன்னால் சிஸ்டாடின் சி என்ற வேறு பரிசோதனை செய்து தெளிவாக்கிக்கொள்வார். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர் கிரியேட்டினைத் தொடவே கூடாது. அந்தக் கோளாறு தனக்கு இருக்கிறதா என்று பதினாறு வயதில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாட்டிக்கொண்டால் என்ன தண்டனை என்பதில் கடிதம் இரண்டு பக்கமும் பேசுகிறது. தானாக வந்து சொல்கிறவனுக்குத் தண்டனை இல்லை, பெற்றோரை அழைத்துப் பேசுவது மட்டும். விற்கிறவன் மேல் நடவடிக்கை. இதுவரை சரி. அடுத்த வரியிலேயே, விளையாட்டு மாணவர்களின் பைகளைத் திடீர் சோதனை செய்ய அனுமதி கேட்கிறார். இரண்டும் ஒன்றாக ஓடாது. பையைக் குடைகிற ஆசிரியரிடம் எவனும் தானாக வந்து சொல்லமாட்டான். பொடி சாமான் அறையிலிருந்து வேறு இடத்துக்கு மாறும், அவ்வளவுதான். முதல்வர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறார்.

சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பத்தி சுருக்கமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பொடி சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். மாலைப் பயிற்சி முடிந்ததும் அணிப் பிள்ளைகளுக்கு இரண்டு முட்டை, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கொடுக்கப் பள்ளி பணம் ஒதுக்க முடியுமா என்று கேட்கிறார். பல பையன்கள் மதியம் ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, இடையில் எதுவும் இல்லாமல் மாலை ஆறரை வரை ஆடுகிறார்கள் என்பது அவர் சொல்லும் காரணம்.

முதல்வர் கடிதத்தின் ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். எடை நோட்டுக்கும் தராசுக்கும் சம்மதம். ஊழியர் பரிந்துரைக்கக் கூடாது என்பதற்கும் மருந்துச் சீட்டு விலக்குக்கும் சம்மதம். முட்டை, சுண்டல் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்குப் போகும். ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: பிளஸ் டூவில் பதினெட்டு முடிந்த பையன் வீட்டில் சாப்பிட்டால் நாம் என்ன செய்வது?

பி.டி. சாரின் பதில் ஒரு பக்கம். வளாகத்துக்குள்ளும் அணியோடு போகும்போதும் வயது வித்தியாசம் இல்லாமல் விதி ஒன்றுதான். வீட்டில் சாப்பிடுவது அவனும் பெற்றோரும் டாக்டரும் முடிவு செய்ய வேண்டியது. பள்ளி தடுக்க முடியாது. ஆனால் அணியில் இருக்கிறவன் சாப்பிடுவதை எழுதித் தெரிவிக்க வேண்டும். டப்பா மூடி உடைக்காததாக, பதினான்கு இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் உள்ளதாக இருக்க வேண்டும்; அந்த இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் தடைப் பொருள்களுக்காக ஒவ்வொரு பேட்சும் சோதிக்கப்பட்ட முத்திரை உள்ளதை மட்டும் வாங்க வேண்டும். லோடிங் வேண்டாம்; நாளுக்கு 3 கிராம் எடுத்தாலே சுமார் நான்கு வாரத்தில் தசையில் அதே அளவு சேர்ந்துவிடும், எடையும் ஒரேயடியாக ஏறாது. எடைப்பிரிவுப் போட்டி நெருங்கும்போது புதிதாகத் தொடங்கவே கூடாது.

ஜிம்மைப் பற்றி அந்தப் பதிலில் ஒரே வரிதான் இருக்கிறது. உரிமையாளரை நேரில் பார்த்ததாகவும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொடியைப் பிரித்து விற்பதை நிறுத்தச் சொன்னதாகவும், யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் பதில் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார்.